இறுதிக் கணக்குக்கு முன்பே வரவேண்டிய பணம்
வெள்ளச் சேத இழப்பீட்டில் இடைக்காலத் தொகை கேட்பது பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்படி என்னை அழைத்தார்கள். நான் அதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். தொழிற்சாலையில் பெரிய சேதம் நடந்துவிட்டது. பாலிசி நடப்பில் இருக்கிறது. பணம் தரவேண்டிய பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு என்ற கணக்கு முடியவில்லை, முடியச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் தொழிலாளிக்குச் சம்பளம் தர வேண்டும், வங்கி வட்டி கட்ட வேண்டும், நனைந்த இயந்திரங்களைப் பழுது பார்க்க வேண்டும். இந்த இடைவெளியில் கோரிக்கையின் ஒரு பகுதியை முன்கூட்டியே பெற வழி உண்டு. ஆன் அக்கவுண்ட் பேமெண்ட் என்று துறையில் இதைச் சொல்வார்கள். இன்று நான் இடைக்காலத் தொகை என்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அம்பத்தூர் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இங்கே பலர் நேரில் கண்டிருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. இத்தகைய பேரிடர்களுக்குப் பிறகு, கோரிக்கைகளை விரைந்து முடிக்கவும், உரிய இடங்களில் இடைக்காலத் தொகை தரவும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது வழக்கம். அப்படியிருந்தும் பலருக்கு அந்தத் தொகை கிடைப்பதில்லை. நிறுவனத்தின் மெத்தனம் ஒரு காரணம்தான். நான் இன்று பேசப்போவது இன்னொரு காரணத்தைப் பற்றி: கேட்கும் முறை தவறாக இருப்பது.

என் மையக் கருத்து இதுதான். இடைக்காலத் தொகை சலுகையும் அல்ல, கடனும் அல்ல. தரவேண்டிய தொகையில் ஏற்கெனவே முடிவாகிவிட்ட பகுதி அது. ஆகவே அதைக் கோரிக்கைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று கேட்கக் கூடாது. பாக்கியிருக்கும் எல்லாக் கருத்து வேறுபாடுகளும் நமக்கு எதிராகவே முடிந்தாலும் எவ்வளவு வருமோ, அதைக் கணக்கிட்டுக் கேட்க வேண்டும். அதற்குக் கீழே போக வழியில்லாத அந்தத் தொகையை வசதிக்காக அடித்தொகை என்று அழைக்கிறேன். இதை ஐந்து குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. 'மறுக்கப்படாதது' என்றால் எது?

“எங்கள் கிளெய்ம் டிஸ்ப்யூட் இல்லாதது” என்று கோரிக்கையாளர் சொல்வார். சர்வேயர் அதையே வேறு பொருளில் எடுத்துக்கொள்வார். மறுப்பு மூன்று படிகளில் வரக்கூடும் என்பதை இருவரும் தெளிவாக்கிக்கொள்ளாததால் வரும் குழப்பம் இது.

முதல் படி பொறுப்பு. சேதம் நடந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்ததா? பிரீமியம் செலுத்தப்பட்டிருந்ததா? சேதம் நடந்த முகவரி பாலிசியில் உள்ளதா? சேதத்துக்குக் காரணம் பாலிசி ஏற்கும் ஆபத்துகளில் ஒன்றா? வெள்ளத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் எளிதில் விடை கிடைக்கும், தெருவே தண்ணீரில் நின்றதைப் படங்களும் வானிலைப் பதிவும் காட்டிவிடும். தீ விபத்தில் அப்படி இல்லை. தீ எப்படிப் பிடித்தது என்ற தடயவியல் அறிக்கை வரும்வரை பொறுப்பே திறந்த கேள்வியாக நிற்கலாம். பாலிசியைத் தீப்பாதுகாப்பு நிபந்தனையோடு கொடுத்திருந்தால் அது கடைப்பிடிக்கப்பட்டதா என்ற கேள்வியும் சேரும்.

இரண்டாம் படி பொருள். சேதமானதாகச் சொல்லும் இயந்திரமும் சரக்கும் அங்கே இருந்தனவா? அவை பாலிசியில் அடங்குமா? வாடிக்கையாளர் வேலைக்குக் கொடுத்துவைத்த மூலப்பொருள் நம் சரக்கு அல்ல. அதைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் பாலிசிக்குள் வரும்.

மூன்றாம் படி தொகை. பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா? தேய்மானம் எவ்வளவு? சேதப்பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்? காப்பீட்டுத் தொகை போதுமானதா? பெரிய கோரிக்கைகளில் மாதங்களை விழுங்குவது இந்தப் படி.

முதல் படி தீராமல் இடைக்காலத் தொகை கேட்டுப் பயனில்லை. பொறுப்பை ஏற்காத ஒருவரிடம் அதன் ஒரு பகுதியைக் கேட்க முடியாது. அந்தப் படி தீர்ந்ததா என்பதைக் கடிதப் போக்குவரத்தில் கண்டுகொள்ளலாம். உரிமைகளை ஒதுக்கிவைத்துக்கொண்டு பரிசீலிக்கிறோம் என்ற வாசகம் நிறுவனத்தின் கடிதங்களில் வந்துகொண்டிருந்தால் பொறுப்பு இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். சர்வேயர் கேட்பவை எல்லாம் விலைப்புள்ளி, கொள்முதல் பில், சரக்கு இருப்புப் பட்டியல் என்று இருந்தால் பேச்சு தொகைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். சந்தேகமிருந்தால் நேராக எழுதிக் கேளுங்கள்: பொறுப்பு குறித்து ஏதேனும் கேள்வி நிலுவையில் உள்ளதா, உள்ளதெனில் எது? இந்த ஒரு வரிக் கடிதத்துக்கு வரும் பதில் பின்னால் பல இடங்களில் உதவும்.

2. அடித்தொகையைக் கணக்கிடுவது

கணக்கு விளங்குவதற்காக நானே ஓர் உதாரணம் அமைத்துக்கொண்டேன். அம்பத்தூரில் துல்லிய உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை. கட்டடத்துக்கு 4 கோடி, இயந்திரங்களுக்கு 8 கோடி, சரக்குக்கு 3 கோடி என்று காப்பீடு செய்திருக்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசி இந்த அளவுக்குப் பொருந்தும். ஓரிடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை உள்ள தொழில்களுக்கானது அது. ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 சதவீதத்தை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று இந்த உதாரணத்தில் வைத்துக்கொள்வோம். இதைத்தான் எக்ஸஸ் என்கிறோம்.

வெள்ளம் வடிந்த பிறகு உரிமையாளர் தரும் கோரிக்கை 3 கோடியே 20 லட்சம். இயந்திரங்களுக்கு 1 கோடியே 90 லட்சம், சரக்குக்கு 1 கோடி, கட்டடத்துக்கு 20 லட்சம், சேறும் குப்பையும் அகற்ற 10 லட்சம். “பாதியாவது உடனே கொடுங்கள்” என்று 1 கோடியே 60 லட்சம் கேட்கிறார். சர்வேயரால் அதைப் பரிந்துரைக்க முடியவில்லை. அந்தப் பாதிக்குள் எது உறுதி, எது உறுதியில்லை என்று அவருக்குத் தெரியாது. நாளை இறுதிக் கணக்கு 1 கோடியே 40 லட்சத்தில் நின்றால் கூடுதலாகப் போன 20 லட்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே கோப்பு மேசையிலேயே கிடக்கிறது.

இப்போது அடித்தொகையைப் பார்ப்போம். ஒவ்வொரு தலைப்பிலும் நமக்கு மிகப் பாதகமான முடிவை நாமே எழுதிக்கொள்வதுதான் முறை.

இயந்திரங்களில் உரிமையாளர் இரண்டு சிஎன்சி இயந்திரங்களை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார். சர்வேயர் எல்லாவற்றையும் பழுது பார்க்கலாம் என்கிறார். தயாரிப்பாளரின் சர்வீஸ் பொறியாளர் கொடுத்த பழுதுச் செலவு மதிப்பீடு 70 லட்சம்: சர்வோ மோட்டார்கள், டிரைவ்கள், கட்டுப்பாட்டுப் பலகைகள், ஸ்பிண்டில் வேலை. இந்த 70 லட்சத்தைச் சர்வேயரும் ஏற்கிறார். ஆனால் வேலை முடிந்து பில் வரும்வரை, புதிய பாகங்களுக்குத் தேய்மானமாக 20 லட்சத்தை அவர் நிறுத்திவைக்கலாம். மறுநிறுவல் அடிப்படையிலான பாலிசியில், மறுநிறுவும் வேலை நடந்தால்தான் புதுப்பொருள் மதிப்பு கிடைக்கும். அதுவரை தேய்மானம் போன மதிப்புதான் கணக்கு. கழற்றிய பாகங்களுக்கு 2 லட்சம் கிடைக்கும். ஆக, 48 லட்சம்.

சரக்கில் புத்தகக் கணக்கு 1 கோடி காட்டுகிறது. நேரில் எண்ணியபோது கிடைத்த நனைந்த சரக்கின் அடக்கவிலை 80 லட்சம். மீதி 20 லட்சம் அடித்துக்கொண்டு போனதா, கணக்குப் பிழையா என்று தீரவில்லை, அதை விடுங்கள். 80 லட்சத்துக்குள் 10 லட்சம் ஜிஎஸ்டி. அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிக்கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் கட்டியதற்கான சான்று இன்னும் கொடுக்கவில்லை, அதையும் விடுங்கள். துருப்பிடித்த இரும்புக்கு நிறுவனம் எதிர்பார்க்கும் அதிகபட்ச விலையான 15 லட்சத்தையும் கழியுங்கள். 55 லட்சம்.

கட்டடத்தில் மின்வயரிங், தரை, தடுப்புச்சுவர் என்று 12 லட்சம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மீதி 8 லட்சம் பழைய விரிசல் என்று சர்வேயர் சொல்கிறார். 12 மட்டும் எடுங்கள். குப்பை அகற்றியதற்குப் பில் இல்லை. சுழியம்.

இனிப் பெரிய ஐயம்: குறைக்காப்பீடு. இயந்திரங்களின் உண்மை மதிப்பு 8 கோடி அல்ல, 10 கோடி என்று சர்வேயர் ஐயப்படுகிறார். லகு உத்யம் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே ஐயம் 20 சதவீதம். அவர் சொல்வதே சரி என்று வைத்தால் இயந்திரத் தலைப்பில் பத்துக்கு எட்டுப் பங்குதான் கிடைக்கும். 48 லட்சம் 38 லட்சத்து 40 ஆயிரம் ஆகும்.

கூட்டுங்கள்: 38.40, 55, 12. மொத்தம் 105 லட்சத்து 40 ஆயிரம். எக்ஸஸ் 5 சதவீதம் 5 லட்சத்து 27 ஆயிரம். மீதி 100 லட்சத்து 13 ஆயிரம்.

ஆக, எல்லா வாதத்திலும் உரிமையாளர் தோற்றாலும் அவருக்கு வரவேண்டியது ஏறக்குறைய 1 கோடி. கேட்க வேண்டிய தொகை இதுவே. 1 கோடியே 60 லட்சம் கேட்டவருக்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் இந்த ஒரு கோடியை மறுக்க வேண்டுமானால் சர்வேயர் தன் ஐயங்களுக்கு அப்பால் புதிதாக ஓர் ஐயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஐயம் ஒவ்வொன்றும் தீரத் தீர அடித்தொகை உயரும். இயந்திரங்களின் மதிப்பு 9 கோடியே 20 லட்சம்தான் என்று தெரியவந்தால் குறைவு 13 சதவீதமாகும், விலக்கு வரம்புக்குள் வந்துவிடும். கழித்த 9 லட்சத்து 60 ஆயிரம் திரும்புகிறது. பழுது வேலை முடிந்து பில் வந்தால் நிறுத்திவைத்த 20 லட்சம் திரும்புகிறது. எக்ஸஸ் போக இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 28 லட்சம். அதை இரண்டாவது இடைக்காலத் தொகையாகக் கேட்கலாம். இடைக்காலத் தொகை ஒரே ஒரு முறைதான் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை.

3. யாரிடம், எந்தக் காகிதத்தோடு?

1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சேதத்தை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும். அவரைக் காப்பீட்டு நிறுவனம் நியமிக்கிறது, பணம் தரும் முடிவும் நிறுவனத்துடையதே. சர்வேயரின் அறிக்கை இறுதிச் சொல் அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் கூறியது. ஆனால் நடைமுறையில் சர்வேயரின் எழுத்துப்பூர்வப் பரிந்துரை இல்லாமல் எந்த அலுவலரும் இடைக்காலத் தொகைக்குக் கையெழுத்திடமாட்டார். ஆகவே கடிதம் இருவருக்கும் ஒரே நாளில் போக வேண்டும். சர்வேயரிடம் கேட்பது இடைக்கால அறிக்கை. நிறுவனத்திடம் கேட்பது அந்த அறிக்கையின் மேல் பணம்.

அறிக்கைக்கும் முடிவுக்கும் காலவரம்பு உண்டு. 2017 பாலிசிதாரர் நலன் விதிகள் பொதுவாகச் சர்வேயருக்கு 30 நாள், அறிக்கை கிடைத்தபின் நிறுவனத்துக்கு 30 நாள் என்று வகுத்தன. தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர வேண்டும் என்றும் கூறின. 2024-இல் இந்த வரம்புகள் மேலும் குறுகின. ஆனால் பெரிய கோரிக்கையில் ஆவணங்கள் முழுதாக வரவில்லை என்ற காரணத்தால் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதனால்தான் முழுக் கோரிக்கையின் ஆவணங்களையும் அடித்தொகையின் ஆவணங்களையும் பிரிக்க வேண்டும் என்கிறேன்.

நம் உதாரணத்தில் அடித்தொகைக்கு வேண்டியவை சிலவே. பாலிசி நகல், சேதப் படங்கள், சர்வேயரோடு சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்திட்ட நனைந்த சரக்குப் பட்டியல், அந்தச் சரக்குக்கான கொள்முதல் பில்கள், தயாரிப்பாளரின் பழுதுச் செலவு மதிப்பீடு, நிலைச்சொத்துப் பதிவேட்டில் அந்த இயந்திரங்களின் பக்கம், கட்டட வேலைக்கான மதிப்பீடு. தணிக்கை முடிந்த ஆண்டுக்கணக்கு, காணாமற்போன 20 லட்சத்தின் விளக்கம் போன்றவை இதற்குத் தேவையில்லை. அவை இறுதிக் கணக்குக்குரியவை. கூட்டாக எண்ணிய பட்டியல்தான் இவற்றில் உயிரானது. அது கையில் கிடைக்கும் முன் நனைந்த சரக்கை அகற்றாதீர்கள். துர்நாற்றத்தால் உடனே அகற்ற வேண்டியிருந்தால் சர்வேயருக்கு எழுதி, ஒப்புதல் வாங்கி, எடைச்சீட்டோடு அகற்றுங்கள்.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் பொறுப்பு மறுக்கப்படவில்லை என்று நிறுவனத்தின் கடிதத் தேதியோடு குறிப்பிடுங்கள். அடுத்து நான் சொன்ன கணக்கை ஒரு பட்டியலாகத் தாருங்கள்: கோரியது, ஐயத்திலுள்ளது, இதற்காக விட்டுவைத்தது, மீதி என்று நான்கு நெடுவரிசை. அதன்கீழ் ஒரு வாக்கியம் அவசியம் வேண்டும். இந்தக் கணக்கில் விட்டுவைத்தவை இடைக்காலத் தொகைக்காக மட்டுமே விட்டுவைக்கப்பட்டவை, அவற்றின்மீதான உரிமையைக் கைவிடவில்லை என்பது அந்த வாக்கியம். இது இல்லாவிட்டால் உங்கள் அடித்தொகையையே உங்கள் முழுக் கோரிக்கையாக நாளை ஒருவர் காட்டக்கூடும். கடைசியாக, பணம் எதற்குப் போகும் என்று எழுதுங்கள். தண்ணீரில் நின்ற இயந்திரத்தில் வழிகாட்டித் தடங்களும் பால் ஸ்குரூவும் நாளாக நாளாகத் துருப்பிடிக்கும். இன்று பழுது பார்க்கக்கூடியது இரண்டு மாதத்தில் மாற்ற வேண்டியதாகிவிடும். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யத்தான் இந்தப் பணம் என்பது நிறுவனத்தின் நலனையும் தொடுகிற வாதம். இலாப இழப்புக் காப்பீடும் அதே நிறுவனத்தில் இருந்தால், உற்பத்தி நின்ற ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கும் செலவுதான்.

தொகை பெரிதாக இருந்தால் இரண்டு தாமதங்களை எதிர்பாருங்கள். பாலிசியைப் பல நிறுவனங்கள் பங்கிட்டு எடுத்திருந்தால், முதன்மை நிறுவனம் தன் பங்கை மட்டும் தந்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் கடிதத்தின் நகல் அனுப்புங்கள். நிறுவனம் மறுகாப்பீடு செய்திருந்தால், பெரிய இழப்பில் தானும் மறுகாப்பீட்டாளரிடம் முன்கூட்டிப் பணம் கேட்க அதன் ஒப்பந்தத்தில் வழி இருக்கலாம். அதற்கு அவர்களுக்கு வேண்டியதும் சர்வேயரின் இடைக்கால அறிக்கைதான். உங்கள் பட்டியல் சீராக இருந்தால் அந்தப் படியும் சீக்கிரம் நகரும்.

4. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது?

இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் அதிகம். இயந்திரமும் சரக்கும் வங்கிக்கு அடமானமாக இருந்தால், பாலிசியில் வங்கி விதி சேர்க்கப்பட்டிருக்கும். அதன்படி இழப்பீடு வங்கிக்குத்தான் போகும். வங்கி தரும் ரசீதே நிறுவனத்துக்குப் போதுமானது.

பணம் கேஷ் கிரெடிட் கணக்கில் விழுந்தால் என்ன ஆகும்? சரக்கு அழிந்ததால் அடுத்த மாதச் சரக்குப் பட்டியலில் இருப்பு குறையும். வங்கி 25 சதவீத மார்ஜின் வைத்திருந்தால், 80 லட்சம் சரக்கு போனதில் எடுக்கும் வரம்பு 60 லட்சம் குறைந்துவிடும். வந்த ஒரு கோடியில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தை நிரப்பவே போய்விடும். உரிமையாளர் கையில் பழுது வேலைக்கு எஞ்சுவது 40 லட்சம். இழப்பீடு வந்துவிட்டது என்று ஊர் சொல்லும், ஆனால் இயந்திரம் ஓடாது.

இதற்குப் பணம் வரும் முன்பே வங்கியோடு பேச வேண்டும். இடைக்காலத் தொகையில் சரக்குக்குரியது எவ்வளவு, இயந்திரத்துக்குரியது எவ்வளவு, கட்டடத்துக்குரியது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். சரக்குப் பங்கை வங்கி வரவு வைப்பது நியாயம். இயந்திரப் பங்கைப் பழுது பார்க்கும் நிறுவனத்துக்கு நேரடியாகவோ தனிக் கணக்கிலோ விட ஒப்புதல் கேளுங்கள். அடமானம் மீண்டும் வேலை செய்யும் நிலைக்கு வருவது வங்கிக்கும் பாதுகாப்புதான். இந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கி அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கொடுங்கள்.

5. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

பணம் தரும்போது நிறுவனம் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துக் கேட்கும். அச்சிட்ட படிவத்தில் முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகம் இருக்கலாம். இடைக்காலத் தொகைக்கு அந்தப் படிவம் பொருந்தாது. ரசீதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: இது கணக்கின்மேல் பெறும் பகுதித்தொகை, இறுதி மதிப்பீட்டில் இது கழிக்கப்படும், இரு தரப்பின் உரிமைகளும் இதனால் பாதிக்கப்படா. வேறு வாசகம் வந்தால் அடித்துத் திருத்திக் கையெழுத்திடுங்கள். திருத்த விடாவிட்டால் அன்றே மின்னஞ்சலில் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

அன்றே என்று ஏன் சொல்கிறேன்? உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008-இல் போகாரா பாலிஃபேப் வழக்கில், கட்டாயத்தின்பேரில் வாங்கிய முழுத்தீர்வு ரசீது பிணக்கை முடித்துவிடாது, அதை நடுவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்றது நீதிமன்றம். 2014-இல் ஜீனஸ் பவர் வழக்கில், வற்புறுத்தல் நடந்ததாக வெறுமனே சொன்னால் போதாது, அதற்கு அடிப்படை காட்ட வேண்டும் என்று கோரிக்கையாளரின் வாதத்தை ஏற்க மறுத்தது. கையெழுத்திட்டவர் தம் நெருக்கடியை அப்போதே எழுத்தில் சொன்னாரா என்பதுதான் இத்தகைய வழக்குகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. டிஸ்சார்ஜ் வவுச்சரைக் காட்டி, கூடுதல் தொகை கேட்டு மன்றங்களுக்குப் போகும் உரிமையை அடைக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமும் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனாலும் நல்ல ரசீது ஒரு வழக்கையே தவிர்க்கும்.

உரிமையாளர் தரப்புக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இறுதிக் கணக்கு இடைக்காலத் தொகைக்குக் கீழே போனால் மிகையைத் திருப்பித் தர வேண்டிவரும். அடித்தொகையை நேர்மையாகக் கணக்கிட்டவருக்கு அந்த நிலை அநேகமாக வராது. சரக்குப் பட்டியலை ஊதிப் பெருக்கியவருக்கு வரும். அது மட்டுமல்ல, பொய்யான ஆவணம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், மோசடிக் கோரிக்கை என்று முழு உரிமையையும் மறுக்கப் பாலிசி இடம் தருகிறது. முதல் படியில் தீர்ந்துவிட்ட பொறுப்புக் கேள்வி மறுபடியும் திறந்துகொள்ளும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தர மறுத்தால்? முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். அதற்கடுத்து ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார். காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் 50 லட்சம் வரை மட்டுமே தீர்ப்பு வழங்கலாம் என்பதால் நம் உதாரணம் அங்கே போகாது. நீதிமன்றம் போக நேர்ந்தால், ஒப்புக்கொண்ட பகுதிக்கு வழக்கு முடியும் முன்பே தீர்ப்புக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 12-ஆம் கட்டளை 6-ஆம் விதி வழி தருகிறது. நடுவர் முன் சென்றால், 1996 சட்டத்தின் 31-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு இடைக்காலத் தீர்ப்புக்கு இடமளிக்கிறது. இந்த இரண்டுக்கும் நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றே: எதிர்த்தரப்பு எதை ஒப்புக்கொண்டது, எவ்வளவு ஒப்புக்கொண்டது. முதல் நாளே எழுதிய ஒரு வரிக் கடிதத்தின் பதிலும், இருவரும் கையெழுத்திட்ட சரக்குப் பட்டியலும், சர்வேயரின் இடைக்கால அறிக்கையும்தான் அந்த ஒப்புதல். அவை இல்லாதவர் முழு வழக்கும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நிறைவாக, இங்கே இருக்கும் சர்வேயர்களிடமும் நிறுவன அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள். கோரிக்கையாளர் கேட்டபின்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதில்லை. பொறுப்பு தெளிவாக உள்ள பெரிய வெள்ளச் சேதங்களில், முதல் ஆய்வு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நீங்களே அடித்தொகையை எழுதலாம். உங்கள் ஐயங்கள் என்னவென்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவை அனைத்தும் உண்மையானாலும் எவ்வளவு தரவேண்டும் என்று அரை மணி நேரத்தில் கூட்டிவிடலாம். அந்தப் பக்கம் இருந்தால் நிறுவனம் தயங்காமல் பணம் தரும். வங்கி தன் வரம்பைத் திட்டமிடும். உரிமையாளரும், எந்த ஐயத்தைத் தீர்த்தால் எவ்வளவு கூடும் என்று தெரிந்து, அந்த ஆவணத்தை முதலில் கொண்டுவருவார். மாணவர்கள் யாரேனும் ஆய்வுக்குப் பொருள் தேடினால், நிறுவனங்கள் ஏற்கக்கூடிய வகையில் அந்த ஒரு பக்கப் படிவத்தை வடிவமைத்துத் தாருங்கள். அடுத்த பெருமழை வருமுன் அது பயன்பாட்டுக்கு வரவேண்டும்.